இரட்டையர் கையும் இரேகை சாத்திரமும்
(பேத்துப்பாறையில் ஆற்றிய உரை)

1887-இல் கர்நூலில் பிறந்த இரட்டையர் ஆற்காடு இராமசாமி முதலியாரும் இலட்சுமணசாமி முதலியாரும். உருவ ஒற்றுமை மிக்கவர்கள். ஒருவர் மைசூர்த் திவானானார். மற்றவர் மருத்துவராகிச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இளையவர் 1974-இல் மறைந்தார். மூத்தவர் 1976-இல் மறைந்தார்.

ஒரே கரு பிரிந்து பிறந்தோரின் உள்ளங்கைப் பெருங்கோடுகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். அவை கருவின் மூன்றாம் திங்களளவில் விழும் தோல் மடிப்புகள். அவற்றில் ஆயுள் எழுதப்பட்டிருப்பின் இத்தகைய இரட்டையர் ஒன்றாகவே மறைய வேண்டாமா?

“நுண்வரிகள் வேறு” என்பார் இரேகைக்காரர். வேறுதான்! கருப்பையில் கிடந்த நிலையும் அழுத்தமும் சிறிதே மாறியதன் விளைவு அது. அதைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம். ஆயுளைக் காண இயலுமா?

மறைந்த இரட்டையர் இருவரின் கைப்படிகளைப் பெயரின்றி நீட்டுங்கள். முன்னர் மறைந்தவர் யாரென்று கேளுங்கள். விடை வராது; தட்சிணைக்கு நீளும் கைதான் வரும்!