கோஸ் மினாரும் நாற்பத்தொரு விரற்கடையும்

டெல்லி என்றதும் குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட் எல்லாம் உங்களுக்கே ஞாபகம் வந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். மதுரா ரோடில் தெற்கே போகலாம், வாருங்கள். நான் வளர்ந்த ஊரின் சாலை அது. குளிர்காலத்தில் அந்த வழியே பஸ்ஸில் போனால், நிற்கிற இடமெல்லாம் கூடையில் கொய்யாப்பழம் வைத்திருப்பார்கள். நாலாக வகிர்ந்து, கறுப்பு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். அதைத் தின்றுகொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்து நான் தேடுவது மினார்களைத்தான்.

முதல் மினார் டெல்லி மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே நிற்கிறது. புலி பார்க்கும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். அடுத்த முறை போனால் நின்று பாருங்கள். அடிப்பாகம் எட்டுப் பட்டை, மேல்பாகம் உருண்டையாகக் குறுகிக்கொண்டே போகும், உயரம் ஏறக்குறைய 30 அடி. செங்கல்லால் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது. ஏறிப்போகப் படியும் கிடையாது, உள்ளே நுழைய வாசலும் கிடையாது. தூரத்திலிருந்தே வழிப்போக்கன் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இதற்குப் பெயர் கோஸ் மினார். முகலாயர் காலத்து மைல்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருவழியில் ஒரு கோஸ் தூரத்துக்கு ஒன்றாக நட்டார்கள்.

தொடங்கிவைத்தவர் அக்பர். 1570களில், ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்காவுக்கு அவர் போய்வந்த பாதையில் கோஸுக்கு ஒரு தூணும் ஒரு கிணறும் அமைக்கச் சொன்னார். தான் வேட்டையாடிய மான்களின் கொம்புகளை அந்தத் தூண்களில் பதிக்கவும் சொன்னார். வெயிலில் ஒட்டகத்தில் வருகிறவனுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்! அரசவையில் இருந்த பதாயூனி என்ற வரலாற்றாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. இதற்குப் பதிலாகத் தோட்டமோ சத்திரமோ கட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் வெதும்பி எழுதிவைத்திருக்கிறார். வழி நடந்து களைத்தவர்களின் பக்கம் நின்று பேசிய அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அக்பர் மகன் ஜஹாங்கீர் 1619-இல் ஆக்ராவிலிருந்து லாகூர் வரைக்கும் கோஸுக்கு ஒரு மினார், மூன்று கோஸுக்கு ஒரு கிணறு என்று உத்தரவிட்டார்.

சரி, ஒரு கோஸ் என்றால் எவ்வளவு? இங்கேதான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் கோஸ் வேறு வேறாக இருந்தது. ஒரு கிராமத்தான் 'ரெண்டு கோஸ்தான்' என்று சொல்வதை நம்பிப் படை நடத்த முடியுமா? அதனால் அக்பர் அரசாங்கம் ஒரே அளவை வகுத்தது. அவர் அரசவையில் இருந்த அபுல் ஃபஸல் அய்னி அக்பரி என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். 41 விரற்கடை சேர்ந்தால் ஒரு இலாஹி கஜம். பன்னிரண்டரை கஜம் நீளமுள்ள கோலை 400 தடவை போட்டால் ஒரு கோஸ். பெருக்கிப் பாருங்கள், 5,000 கஜம். கயிற்றாலும் அளக்கலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல் இருந்தது. சணல் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். காலையில் அளந்த நிலமும் மத்தியானம் அளந்த நிலமும் ஒன்றாக வராது. வரிக்காக நிலம் அளக்கும்போது யாருக்காவது இதில் நஷ்டம் வரத்தானே செய்யும்? அதனால் மூங்கில் துண்டுகளை இரும்பு வளையத்தால் கோத்துச் சங்கிலிபோல் செய்தார்கள்.

பேரரசர் பயணம் கிளம்பினால் அளவுகாரர்கள் கூடவே போவார்கள். அன்றன்று நடந்த தூரத்தைக் கோல் கணக்கில் எழுதுவார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். 1581-இல் அக்பர் காபூலுக்குப் படையெடுத்தபோது கூடப்போன மொன்செராத்தே என்ற பாதிரியாரும் இந்த அளவைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இப்போது நாமே ஒரு கணக்குப் போடலாம், பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் நிற்கிற மினார்களுக்கு இடையே அளந்து பார்த்தவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 4,170 மீட்டர் கிடைத்தது. அதை 5,000-ஆல் வகுத்தால் ஒரு கஜம் 83 சென்டிமீட்டர் சொச்சம், அதாவது 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் துணிக்கடைக் கஜம் 36 அங்குலம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறகு வந்த ஆங்கிலேயர்களும் இலாஹி கஜத்தை 33 அங்குலமென்றே நிர்ணயித்தார்கள். அந்த 83 சென்டிமீட்டரை 41-ஆல் வகுத்தால் விரற்கடை ஒன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் வரும். உங்கள் விரலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், சரியாக இருக்கும். அக்பர் கஜக்கோல் எதுவும் நம் கையில் இல்லாவிட்டாலும், வயலில் நிற்கிற இரண்டு செங்கல் தூண்களே அதன் நீளத்தைச் சொல்லிவிடுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஒரு குறை உண்டு. இந்த மினார்களில் எண் கிடையாது. ஆக்ரா எத்தனை கோஸ், டெல்லி எத்தனை கோஸ் என்று எதுவும் எழுதவில்லை. கடந்துவந்ததை நீங்களே எண்ணிக்கொள்ள வேண்டும். நம் தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கற்கள் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கற்களில் ஊர்ப்பெயரும் காதக் கணக்கும் எழுத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காகக் கீழே குழிகளும் தோண்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. 29 காதம் என்றால் இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. இருட்டில் வந்தவன்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

மதுரா ரோடுக்குத் திரும்புவோம். பதர்ப்பூர் தாண்டி, ஃபரிதாபாத், பல்வல், ஹோடல் என்று போனால் மினார்கள் எல்லாம் ரோட்டோரமாகவே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலது கோதுமை வயல் நடுவில் நிற்கும், சிலது வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். புதுச்சாலை போடும்போது வழி விலகிவிட்டது, மினார் இடம் மாறவில்லை. அதனால் பழைய பெருவழி எங்கே ஓடியது என்று தேடுகிறவர்களுக்கு இன்றைய நெடுஞ்சாலையைவிட இவைதான் நல்ல துணை. வயலில் ஒரு மினாரையும் அடுத்த ஊரில் இன்னொன்றையும் பார்த்துவிட்டால், இரண்டையும் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டை அதே திசையில் நீட்டி, நாலு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி மூன்றாவதைத் தேடுங்கள். சாலை வளைந்திருந்தால் கொஞ்சம் இடமோ வலமோ தள்ளியிருக்கும். மினார் கண்ணில் படவில்லை என்றால் ஊர்ப் பெரியவர் யாரையாவது கேளுங்கள். எப்போது விழுந்தது, அதன் செங்கல் யார் வீட்டுச் சுவருக்குப் போனது என்பதுவரை சொல்லிவிடுவார்.