குறும்பதிலும் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் சின்னஞ்சிறு பதில்கள் எவ்வாறு மனஸ்தாபத்தை விளைவிக்கின்றன, அதை நோகாமல் தீர்ப்பது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தாயார் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தமையனார் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. நாம் பல்கலைக்கழக விடுதியில். வீட்டில் இருப்பவள் பள்ளிக்கூடம் போகும் தங்கை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமம். ஆகவே வீட்டுக்கு வரும் செய்திகளை எல்லாம் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள், அம்மா சொல்வதை அவளே எழுதி அனுப்புவாள்.

சென்ற ஆண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, "திருவிழாவுக்கு வருவியாப்பா?" என்று அம்மா கேட்கச் சொன்னார். தங்கை அனுப்பினாள். அண்ணனிடமிருந்து வந்த பதில் இரண்டே சொற்கள்: "சரி. பார்ப்போம்." தங்கை அன்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இடையில் கூப்பிட்ட சலிப்போடு, தலையை நிமிர்த்தாமலே, "சரி, பார்ப்போம்னு போட்டிருக்கு" என்று வாசித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. பதிலும் அனுப்பச் சொல்லவில்லை.

கொழும்பில் அண்ணன் தன் தொலைபேசியைப் பார்க்கிறார். செய்தி வாசிக்கப்பட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கின்றன. பதில் மட்டும் இல்லை. சென்ற மாதம் பணம் குறைத்து அனுப்பியதற்கு அம்மா கோபித்துக்கொண்டார் என்று அவர் முடிவு செய்தார். அம்மாவோ, மகனுக்கு வீட்டின் நினைப்பு விட்டுப் போயிற்று என்று முடிவு செய்தார். அந்த மாதம் அண்ணன் அனுப்பிய பணத்தை அம்மா வங்கியிலிருந்து எடுக்கவே இல்லை. கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கினார். விஷயம் எமக்குத் தெரியவந்தபோது பத்து நாட்கள் கடந்திருந்தன.

அன்பர்களே! இதில் யார் பிழை செய்தார்கள்? அண்ணன் "சரி. பார்ப்போம்" என்று எழுதிய வேளையில் முதலாளி பக்கத்தில் நின்றார். "முதலாளியிடம் லீவு கேட்டுப் பார்ப்போம்" என்பதே அவர் நினைத்தது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் "பார்ப்போம்" என்பது "வரவில்லை" என்பதை மரியாதையாகச் சொல்லும் வழியும் அல்லவா? நேரில் நின்று சொல்லியிருந்தால், அவர் குரலே எது என்று காட்டியிருக்கும். எழுத்தில் குரல் இல்லை. குரல் இல்லாத இடத்தில் வாசிப்பவர் தம் குரலைப் போட்டுக்கொள்கிறார். எங்கள் வீட்டிலோ, தங்கையின் சலிப்பு அண்ணனின் குரலாக அம்மாவின் காதில் விழுந்தது. தோட்டங்களில் இப்படி ஒருவருக்கு வந்ததை மற்றொருவர் வாசித்துச் சொல்லும் வீடுகள் எத்தனையோ!

இது நம் வீட்டு விஷயம் மட்டும் அன்று. அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய மனவியல் ஆராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் சில வாக்கியங்களை மெய்யாகவும் சிலவற்றைக் கேலியாகவும் எழுதி, மின்னஞ்சலில் மற்றவருக்கு அனுப்பினார்கள். எது மெய், எது கேலி என்று நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது நூற்றுக்கு 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 தடவை சரியாக வருமே! அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்களோ ஏறக்குறைய முக்கால்வாசித் தடவை சரியாகப் பிடித்தார்கள். காரணம் என்ன? எழுதும்போது நம் குரல் நமக்குள்ளே கேட்கிறது. அது காகிதத்திலோ திரையிலோ ஏறவில்லை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்று, நம்மைப் போல மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்காவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஆனால் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் என்ற பேராசிரியையும் அவர் கூட்டத்தாரும் 2015ஆம் ஆண்டில் கண்டது வேறு. கைத்தொலைபேசியில் வரும் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனமார்ந்த பதிலாகப் படவில்லை என்று மாணவர்கள் கருதினார்கள். அதே பதில் கையெழுத்தில் இருந்தபோது புள்ளியால் வித்தியாசம் இல்லை. ஆகவே, வயதில் மூத்த ஒருவர் "சரி." என்று புள்ளி வைத்து எழுதினால், இளைஞர்களே, அது இலக்கணம், கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பதிலை எப்படி எழுதுவது? தமிழில் மரியாதையும் பாசமும் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். "அம்மா", "அண்ணே", "மாமா" என்ற உறவுச் சொல்லிலும், "வாங்க", "சொல்லுங்க" என்ற விகுதியிலுமே இருக்கின்றன. பதிலைச் சுருக்கும்போது நாம் முதலில் வெட்டி எறிவது இவற்றைத்தான். அண்ணன் இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? "அம்மா, வர ஆசைதான். முதலாளிகிட்ட லீவு கேட்டுட்டு ராத்திரி சொல்றேன்." உறவு ஒன்று, பதில் ஒன்று, காரணமும் எப்போது மீண்டும் பேசுவோம் என்பதும் ஒன்று. இம்மூன்றும் இருந்தால், யார் எந்தக் குரலில் வாசித்தாலும் பொருள் கெடாது. அதற்கும் நேரமில்லை என்றால், "அம்மா, கடையில நிக்கிறேன், ராத்திரி பேசுறேன்" என்பது போதும். அரைகுறைப் பதிலைவிடப் பதிலைத் தள்ளிப்போடுவது மேல்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "உடனே பேசு" என்று மட்டும் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள். வெளியூரில் வேலை செய்யும் பெண்பிள்ளை அதைக் கண்டால், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நடுங்குவாள். "பயப்பட ஒன்றுமில்லை, அடையாள அட்டை நம்பர் வேணும், பேசம்மா" என்றால் அவள் நிம்மதியாக வேலையை முடித்துவிட்டுப் பேசுவாள்.

கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கோடு என்றால் செய்தி நம்மை விட்டுப் புறப்பட்டுவிட்டது. அவருடைய தொலைபேசிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு சாம்பல் கோடுகள் என்றால் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் திறக்கப்பட்டது. யார் திறந்தார், எந்த நிலையில் திறந்தார் என்று கோடு சொல்லாது. பிரட்டு முடிந்து மலைக்குப் போன தாய்க்கு மத்தியானம் வரை சிக்னலே கிடைக்காமல் இருக்கலாம். ஒற்றைக் கோட்டைப் பார்த்து "நம்மை மதிக்கவில்லை" என்று எண்ணுவது மலைக்குச் செய்யும் அநியாயம்!

இனி, மனஸ்தாபம் வந்துவிட்ட பிறகு கேட்பது எப்படி? இதில் நாமே முதலில் பிழை செய்தோம். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அண்ணனுக்கு, "அம்மாகிட்ட ஏன் அப்படிப் பேசினீங்க?" என்று எழுதினோம். "நான் என்ன பேசினேன்?" என்று சூடாகப் பதில் வந்தது. அவர் கோபப்பட்டது நியாயம். நம் கேள்வியிலேயே தீர்ப்பு இருந்தது. "ஏன் கோபம்?" என்று கேட்பதும் அப்படியே; இல்லாத கோபத்தையும் அது உண்டாக்கிவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எழுதினோம்: "அண்ணே, நான் கேட்ட விதம் பிழை. நீங்க போட்ட 'பார்ப்போம்' அம்மாவுக்கு, வர விருப்பமில்லாத மாதிரிக் கேட்டிருக்கு. நீங்க எதை நினைச்சுப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆறுதலாச் சொல்லுங்க." இந்தத் தடவை அவர் முதலாளியைப் பற்றியும் லீவைப் பற்றியும் விவரமாக எழுதினார். வித்தியாசம் எங்கே? எந்தச் சொல் என்பதைக் குறிப்பிட்டோம், அது எப்படிக் கேட்டது என்பதைச் சொன்னோம், அவர் மனத்தில் இருந்தது இதுதான் என்று நாம் முடிவுகட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

விளக்கம் சொல்பவருக்கும் ஒரு முறை உண்டு. "நீங்கள் தப்பாக விளங்கிக்கொண்டீர்கள்" என்றால் குற்றம் கேட்டவர் தலையில் விழுகிறது. "நான் அவசரத்தில் சுருக்கி எழுதிவிட்டேன், நினைத்தது இது" என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அன்று இரவு அண்ணன் தம் குரலையே பதிவு செய்து அனுப்பினார். தங்கை பொத்தானை அமுக்கினாள். நடுவில் யாரும் வாசிக்காமல் மகன் குரல் அம்மாவிடம் நேரே போய்ச் சேர்ந்தது. அம்மா அதை மூன்று தடவை கேட்டாராம். மறுநாள் வங்கிக்குப் போனார்.

குரல் பதிவுக்கும் ஒரு குறை உண்டு. லயத்துச் சுவர் மெல்லியது. பணம், நோய், கலியாணப் பேச்சு முதலியவற்றைக் குரல் பதிவில் அனுப்பினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அவற்றுக்குத் தொலைபேசி அழைப்பே நல்லது. சங்கத்துக் குழுவில் ஒருவர் பதில் உறைத்தால், அங்கேயே எல்லோர் முன்னும் விளக்கம் கேளாமல் தனியாகக் கேளுங்கள். பார்வையாளர் இருந்தால் மனிதன் விளக்கம் சொல்ல மாட்டான், வழக்காடுவான். அனுப்பியதை அவசரமாக அழிப்பதும் உதவாது. அழித்த தடம் அங்கே நிற்கும். என்ன எழுதியிருந்தாரோ என்ற சந்தேகம் வளரும். அதன் கீழே ஒரு வரி விளக்கம் எழுதுவதே மேல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில குறும்பதில்கள் உண்மையிலேயே கோபத்தில் எழுதப்பட்டவை. அங்கே குரலைச் சரிசெய்து பயனில்லை. கோபத்தின் காரணத்தையே நேரில் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு தடவை எழுத்தில் பணிவாகக் கேட்டும் தெளியாவிட்டால், மூன்றாவது நான்காவது செய்தி எழுதாமல் கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்பத் திரும்ப விளக்கம் கேட்பதும் ஒரு தொந்தரவே.

எங்கள் தங்கை இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். செய்தியை முதலில் மனத்துக்குள் ஒரு தடவை வாசித்துக்கொள்கிறாள். பிறகு அம்மாவிடம், "அண்ணன் எழுதினது இவ்வளவுதான்மா, எந்தக் குரல்லன்னு தெரியாது. கூப்பிட்டுக் கேப்பமா?" என்கிறாள்.