எண்பத்தாறாம் பாட்டு: ஓர் எண் சொல்லும் செய்தி



அகநானூற்றின் 86ஆம் பாட்டு ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறது. உளுந்து சேர்த்த பொங்கல், பந்தல், புதுமணல், விளக்கு, மணப்பெண்ணை நீராட்டும் நான்கு பெண்கள். இரவில் புத்தாடைக்குள் முகம் மறைத்து நாணி ஒடுங்கிக் கிடக்கிறாள் மணமகள். தனியாகப் படித்தால் இது மகிழ்ச்சியான மணப்பாட்டு. அவ்வளவுதான்.

இப்போது நூல் முழுவதையும் பாருங்கள். அகநானூற்றில் 400 பாட்டுகள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். 86 என்பது மருதம். மருதத்துக்கு உரியது ஊடல்.

பாட்டுக்குள் சண்டை என்ற பேச்சே இல்லை. ஆனால் அடிக்குறிப்பும் அதையே சொல்கிறது: வாசலில் தடுத்து நிற்கும் தோழியிடம் கணவன் பேசுகிறான். அப்படியானால் அந்தக் கல்யாணம் இன்று நடப்பதல்ல. மனைவியின் கோபத்துக்கு முன்னால் நின்று அவன் நினைத்துப் பார்ப்பது. 136ஐத் திருப்புங்கள். அதுவும் கல்யாணம், அதுவும் தணியாத ஊடலில் நெஞ்சோடு சொன்னது.

ஓர் எச்சரிக்கை. இந்த வரிசை தொகுத்த உருத்திரசன்மர் வைத்தது. புலவர் நல்லாவூர் கிழார் எண் பார்த்து எழுதவில்லை. எனவே எண் சொல்வது முதல் வாசகரின் கருத்து. அதைக் கேட்டுவிட்டு மறுபடி பாட்டுக்கு வாருங்கள். அந்த உளுந்தும் மணலும் இப்போது ஒரு மனிதனின் கெஞ்சலாகக் கேட்கும்.