கணக்கைச் சொல்லாத சமரசர்: தலைமை உரை

இந்த இருக்கைக்கு என்னைவிடப் பொருத்தமானவர்கள் முன்வரிசையில் மூன்று பேராவது இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருப்பது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. மாநாட்டின் பொருளாக ‘சமரசத்தின் இருபது ஆண்டுகள்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது முதல் நடந்தவற்றை நாளைய அமர்வுகள் விரிவாகச் சொல்லும். இங்கிருப்பவர்களில் பாதிப்பேர் அதை நடத்திக் காட்டியவர்கள். உங்களுக்கு உங்கள் கதையையே நான் சொல்லப் போவதில்லை.

எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதை வாதிட அனுமதியுங்கள். சமரசர், ‘இது நீதிமன்றம் போனால் ஏறத்தாழ இப்படி முடியும்’ என்று சொல்லலாமா, கூடாதா? நமது பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரே பதில்தான்: சொல்லவே கூடாது. பேச வைக்க வேண்டும், கேட்க வேண்டும், அவர்கள் வாயிலிருந்தே தீர்வு வர வேண்டும். இதைத் துணைசெய்யும் பாணி என்கிறோம். மற்றதை, மதிப்பிட்டுச் சொல்லும் பாணியை, சற்று முகஞ்சுளித்தே குறிப்பிடுகிறோம்.

இந்தப் பிரிவினைக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது லெனார்ட் ரிஸ்கின் 1996இல் ஹார்வர்ட் இதழில் எழுதிய கட்டுரை. அதில் நான்கு கட்டங்கள் வரைந்தார். ஒரு கோட்டின் இரு முனைகளில் துணைசெய்தலும் மதிப்பிடுதலும் நின்றன. மற்றக் கோடு, பிரச்சினையைக் குறுக்கிப் பார்ப்பதா விரித்துப் பார்ப்பதா என்பதைக் காட்டியது. அதே ரிஸ்கின் 2003இல் எழுதிய இரண்டாவது கட்டுரையை ஏன் யாரும் தொடுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அதில் அவரே தன் கட்டத்தைத் திருத்துகிறார். இரண்டும் எதிரெதிர் முனைகள் அல்ல, ஒரே சமரசர் ஒரே அமர்வில் இரண்டையும் செய்கிறார் என்பது அவர் கண்ட குறை. அதனால் முக்கியமான கேள்வியை மாற்றினார்: முடிவை நோக்கி நடத்திச் செல்பவர் சமரசரா, தரப்பினரா? நமது பாடத்திட்டம் 1996இலேயே நிற்கிறது. சென்ற மாநாட்டில் வாசித்த கட்டுரையில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், ‘ரிஸ்கின் காட்டிய இரு முனைகளில் ஒன்றை நாம் தேர்ந்துகொண்டோம்’ என்றார். நண்பர் இரண்டாவது கட்டுரையையும் படித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

அந்தப் புதிய கேள்வியை ஒரு மோட்டார் விபத்து வழக்கில் வைத்துப் பார்ப்போம். முப்பத்துநான்கு வயதான சரக்கு ஆட்டோ ஓட்டுநர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தவர்கள். குடும்பம் அறுபது லட்சம் கேட்கிறது. காப்பீட்டு நிறுவனம் பதினெட்டு லட்சத்தில் நிற்கிறது. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று ஏற்றால், 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேரும்: 21,000. நான்கு பேர் சார்ந்திருந்ததால் இறந்தவரின் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிந்து 15,750 நிற்கும். ஆண்டுக்கு 1,89,000. சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் இந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 16. ஆக 30,24,000. துணையிழப்பு, ஈமச்சடங்கு போன்ற வழக்கமான தலைப்புகளில் ஏறக்குறைய இரண்டு லட்சம் சேர்த்தால் முப்பத்திரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே. இதற்குமேல் வட்டி.

இந்தக் கணக்கு காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரிக்கு மனப்பாடம். அவருடைய வழக்கறிஞருக்கும் அப்படியே. அறையில் இது தெரியாதவர் இறந்தவரின் மனைவியான அந்த அம்மா மட்டுமே. அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். இந்த நிலையில் சமரசர் ‘நீங்கள் எதிர்பார்ப்பது என்னம்மா?’ என்று கனிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், பதினெட்டு லட்சம் இருபத்திரண்டாகும்போது அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். தீர்வு அவர் வாயிலிருந்தே வந்தது என்று நாமும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். அந்த மௌனத்தை நடுநிலை என்று அழைப்பதை நான் ஏற்க மாட்டேன். தெரிந்தவர் பக்கம் அது சாய்ந்திருக்கிறது.

இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலர் கோப்பைப் புரட்டி, பத்து நிமிடத்தில் ‘இருபத்தைந்து, முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வார்கள். அதற்குப் பெயர் சமரசம் இல்லை. தொகை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. எதிர்க்கேள்வி கேட்க இடமும் இல்லை. ஆகவே நான் கேட்பது தொகையை அல்ல, கணக்கின் படிகளை. எது தீர்ப்புகளால் நிலைபெற்றது, எது இன்னும் சாட்சியத்தைப் பொறுத்தது என்று பிரித்துக் காட்டுவது. பெருக்கும் எண்ணில் வாதத்துக்கு இடமில்லை. வருமானத்தில் இருக்கிறது: 12,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால் வருமான இழப்பு இருபத்துநான்கு லட்சமாக இறங்கும், 18,000 என்றால் முப்பத்தாறு லட்சத்தைத் தாண்டும். இறந்தவர்மீதும் தவறு உண்டு என்று 20 சதவீதம் பிடித்தால் முப்பத்திரண்டு ஏறத்தாழ இருபத்தாறாகிவிடும். வருமானச் சான்று நம்பத்தக்கதா, சாட்சி உடைவாரா என்ற இடத்தில் சமரசர் நாவடக்க வேண்டும். அங்கே அவர் சொல்வது ஊகம். வரம்பைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளட்டும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். இரு தரப்பும் தம் கதையைச் சொல்லி முடித்து, எண்ணில் முட்டிக்கொண்டு நின்ற பிறகு, இருவரும் சம்மதித்த பிறகே சொல்ல வேண்டும். கூட்டு அமர்வில் ஒரே காகிதத்தில் சொல்வது நல்லது. தனி அமர்வில் ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றுமாகச் சொன்னால் அது வெறும் பேரம். சண்டை எதிர்பார்ப்பின் வேறுபாட்டிலிருந்து வந்ததா என்றும் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், ‘அப்பா சாகும்போது நீ வரவில்லை’ என்பதுதான் உண்மையான தகராறு என்றால், சட்டம் யாருக்கு என்ன தரும் என்று சொல்வது அறையைக் காலி செய்யத்தான் உதவும்.

மேரிலாந்து நீதிமன்றங்களில் நடந்த ஆய்வை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். சமரசர் தம் கருத்தையும் தீர்வையும் அதிகம் முன்வைத்த அமர்வுகளில், மாதங்கள் கழித்துக் கேட்டபோது தரப்பினரின் நிறைவு குறைந்திருந்தது என்று அது காட்டியது. மறுக்கவில்லை. அங்கே ஆராயப்பட்டவை சிறு தொகை வழக்குகள், விசாரணை நாளிலேயே நடந்த சமரசங்கள். அட்டவணையும் சூத்திரமும் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் விளையாடும் விபத்து இழப்பீட்டு வழக்குக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

சட்டத்தையும் காட்டுவார்கள். தாம் துணைசெய்பவர் மட்டுமே, தீர்வைத் திணிக்க மாட்டோம் என்று சமரசர் தரப்பினருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். திணிப்பது வேறு, தெரிவிப்பது வேறு. 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்வு மற்றும் இணக்குவிப்புச் சட்டம் 67ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவை யாராவது கடைசியாக எப்போது வாசித்தீர்கள்? இணக்குவிப்பாளர் எந்தக் கட்டத்திலும் தீர்வை முன்மொழியலாம், அதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது. அவ்வளவு தூரம் நான் போகவில்லை. காரணம் சொல்லாமல் முன்மொழிவதுதான் எனக்கு ஆகாது.

முதல் அமர்வின் முதல் கட்டுரை, விபத்து வழக்குகளில் சமரசர் காக்க வேண்டிய மௌனம் பற்றியது. கட்டுரையாளர் எனக்குப் பல ஆண்டு நண்பர். நான் இப்போது சொன்ன கணக்கை அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வியோடு அவரை மேடைக்கு அழைக்கிறேன்.