இறால் வேறு, மீன் வேறு

சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. சித்தூர், திருப்பதி நகரங்களுக்குக் கடல் இறாலும் கடல் மீனும் வெளியிலிருந்தே வந்து ஒரே கடையில் விற்பனையாகின்றன. இதனால் இறால் உண்டு உடலில் தடிப்பு கண்டவர், மீனையும் சேர்த்து விலக்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. இவ்விரண்டும் வெவ்வேறு ஒவ்வாமைகள் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

இறால் ஒவ்வாமைக்கு முதற்காரணம், அதன் தசையிலுள்ள ட்ரோபோமையோசின் என்னும் புரதமாகும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் வெள்ளை இறாலை ஆராய்ந்து இதனை 1993-இல் வெளியிட்டனர். கொதிக்க வைத்தாலும் இப்புரதம் அழிவதில்லை. வேகவைத்த நீரிலும் அது கலந்துவிடுகிறது. ஆகவே, இறாலை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் உண்பதும் ஆபத்தே. மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது பார்வால்புமின் என்னும் வேறொரு புரதம்.

இறாலின் புரதத்தை ஒத்த அமைப்பு நண்டிலும் சிங்கி இறாலிலும் உள்ளது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியிலும் கரப்பானிலும்கூட உள்ளது. ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பகையெனக் கொள்கிறது. இதுவே குறுக்கு விளைவு. மீனின் ட்ரோபோமையோசின் அமைப்பில் பெரிதும் வேறுபட்டிருப்பதால் இக்குழப்பம் பொதுவாக மீனுக்கு நேர்வதில்லை. ஆயினும் ஒருவருக்கு இரண்டும் தனித்தனியே ஒவ்வாதிருக்கலாம். மருத்துவரின் சோதனையே இதனைத் தெளிவாக்கும்.

இறால் ஒவ்வாத ஒருவர் சோதனையில் மீன் ஒவ்வுமென்று அறிந்து சந்தைக்குச் செல்வதாகக் கொள்வோம். கருவாட்டுக் கடையில் நெத்திலிக் குவியலுக்கு அருகிலேயே சென்னாக்குன்னி குவிந்திருக்கும். இரண்டையும் ஒரே கை அள்ளுகிறது. சில்லறையாக அள்ளித் தரும் சரக்குக்கு லேபிளும் இல்லை. உணவகத்திலோ இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரிக்கப்படலாம். இங்கே தீங்கு விளைவது மீனால் அன்று, கலப்பினால்.

பொட்டல உணவுக்கு 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிகள் துணை நிற்கின்றன. 'கன்டெயின்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் ஒவ்வாப் பொருள் குறிக்கப்பட வேண்டும். அங்கு 'க்ரஸ்டேஷியன்' என்பது இறால், நண்டு இனத்தையும், 'ஃபிஷ்' என்பது மீனையும் குறிக்கும். ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தீர்மானித்தல் கூடாது. 'மே கன்டெயின்' என்றிருந்தால், தயாரிப்பின்போது கலந்திருக்கக்கூடும் என்று பொருள்.

இவ்விதியின் பட்டியலில் கணவாய், சிப்பி முதலிய மெல்லுடலிகள் இல்லை. அவை ஒவ்வாதவர் எச்சரிக்கை வரியோடு நில்லாமல் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும். பெயரும் ஏமாற்றக்கூடும். 'நண்டுக் குச்சி' எனப்படும் பண்டம் பெரும்பாலும் மீன் சதையால் ஆனது. மீன் ஒவ்வாதவர் அதனை நண்டென நம்பி உண்ணலாகாது.

உண்டபின் மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால், தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும். உண்ட பண்டத்தின் உறையையும் உடன் எடுத்துச் சென்றால், காரணத்தைக் கண்டறிய அது மருத்துவருக்கு உதவும்.