கம்பெனியின் தரம் என்ன? எங்கே பார்ப்பது?

(தென்காசியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



குற்றாலத்தில் சாரல் சீசன் முடிந்ததும் நம்ம பக்கம் கையில் நாலு காசு நிற்கும். பழக்கடை, டிபன் கடை என்று மூன்று மாதம் ஓடி உழைத்த காசு. அதைத் தேடித்தான் ஏஜெண்டு வருவார். பைனான்ஸ் கம்பெனி படிவத்தை நீட்டி, "பேங்கைவிட வட்டி கூடக்கா. AAA ரேட்டிங் வாங்கின கம்பெனி" என்பார். அந்த மூன்று எழுத்தைத்தான் இன்றைக்கு நாம் பார்க்கப் போகிறோம்.

நம் குழுவுக்குக் கடன் தருவதற்கு முன்னால் வங்கி என்ன செய்கிறது? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் திரும்புகிறதா என்று நோட்டைப் பார்த்துத் தரம் போடுகிறது இல்லையா? கம்பெனிக்கும் அப்படித்தான். கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் கணக்கைப் பார்த்து, வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் திருப்பித் தருமா என்று தரம் போடும். ஒரு வித்தியாசம் உண்டு. நம் குழுவுக்குத் தரம் போடுவது பணம் தரப்போகிற வங்கி. இங்கே தரம் போடுகிறவருக்குக் கூலி கொடுப்பது பணம் வாங்கப்போகிற கம்பெனி. இதை மனதில் வையுங்கள்.

உச்சியில் AAA. அதற்குக் கீழே AA, A, BBB. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் கொஞ்சம் மேல், கழித்தல் குறி இருந்தால் கொஞ்சம் கீழ். பைனான்ஸ் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது BBB- இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குக் கீழே BB, B, C என்று போகும். கடைசி எழுத்து D. தவணை தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஏஜெண்டு சொல்வதோடு நிற்காமல் நாமே பார்க்கலாம். www.crisilratings.com, www.icra.in போன்ற பக்கங்களில் காசில்லாமல் பார்க்கலாம். பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். படிவத்தில் உள்ள கம்பெனியின் முழுப் பெயரையும் போட வேண்டும். ஒரே பெயரில் அண்ணன் தம்பி மாதிரி நாலு கம்பெனி இருக்கும். தாய்க் கம்பெனியின் தரத்தைக் காட்டிப் பிள்ளைக் கம்பெனிக்குப் பணம் கேட்பவர்களும் உண்டு.

பெயர் கிடைத்ததும் Fixed Deposit என்ற வரியைப் பாருங்கள். தரம் அந்தந்தக் கடனுக்குத் தனித்தனி. பிறகு தேதி. படிவம் அச்சடித்த நாளில் இருந்த தரம் இன்றைக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. தரத்துக்குப் பக்கத்தில் Stable என்றிருந்தால் இப்போதைக்கு மாறாது என்று நினைக்கிறார்கள். Negative என்றால் இறங்கலாம். ISSUER NOT COOPERATING என்றிருந்தால் கம்பெனி கணக்கைக் காட்டவில்லை என்று அர்த்தம். கணக்கு நோட்டைக் காட்டாத குழுவுக்கு நாம் கடன் கொடுப்போமா?

மும்பையில் திவான் ஹவுசிங் என்ற பெரிய வீட்டுக்கடன் கம்பெனி இருந்தது. AAA தரம். 2019 பிப்ரவரியில் கேர் நிறுவனம் அதை ஒரு படி இறக்கி AA+ ஆக்கியது. ஒரு படிதானே என்று தோன்றும். மே மாதத்துக்குள் அதன் டெபாசிட்டின் தரம் BBB- வரை வந்துவிட்டது. கம்பெனி புது டெபாசிட் வாங்குவதை நிறுத்தியது. முதிர்வுக்கு முன்னால் பணம் எடுப்பதையும் நிறுத்தியது. ஜூனில் வட்டித் தவணை தவறியது, கடன் பத்திரங்களின் தரம் D ஆனது. AAA-விலிருந்து D-க்கு நாலு மாதம்தான். 2021-ல் வேறு கம்பெனி அதை எடுத்துக்கொண்டபோது, டெபாசிட் போட்டவர்களுக்கு மொத்தத்தில் 100 ரூபாய்க்கு 23 ரூபாய் அளவுதான் கிடைத்தது.

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு, AAA ஆக இருந்தாலும், அந்தக் காப்பீடு கிடையாது. ஏஜெண்டு இதைச் சொல்லவே மாட்டார்.

திவான் ஹவுசிங்கில் முதல் படி இறங்கியதற்கும் கதவு அடைத்ததற்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. பார்த்தவர்கள் அப்போது வெளியே வந்திருக்கலாம். அதனால் பணம் போட்ட பிறகும் மாதக் கூட்டத்தன்று ஒரு தடவை தரத்தைத் தேடிப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதிர்வுக்கு முன்னாலேயே பணத்தைக் கேளுங்கள். பைனான்ஸ் கம்பெனியில் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தால், ஓடிய காலத்துக்கான வட்டியில் 2 சதவீதம் குறைத்துத் தருவார்கள். மூன்று மாதம் தாண்டி ஆறு மாதம் ஆகாவிட்டால் வட்டி கிடையாது, அசல் மட்டும் வரும். அதுவும் கம்பெனி சம்மதித்தால்தான். டெபாசிட் ரசீதை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கேட்கப் போகும்போது அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.