புள்ளி உதிராமல் ஒரு செய்தி

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற இரு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய எண்ணெய் கரை ஒதுங்க, எர்ணாவூரில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகள் பள்ளி புராஜெக்டுக்கு அடிக்கடி எடுக்கும் செய்தி இது.

அந்தச் செய்தி வந்த நாளிதழின், ஸ்கேன் செய்த முழுப் பக்கம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு செய்தி. பலரும் போனில் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டுவார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

35 சென்டிமீட்டர் அகலப் பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், குறுக்கே ஏறக்குறைய 4,100 பிக்சல் இருக்கும். அதில் அந்தச் செய்தியின் பங்கு 1,180. ஸ்கிரீன்ஷாட்டிலோ போன் திரையின் 1,080 பிக்சலுக்குள் முழுப் பக்கமும் சுருங்கிவிடும். செய்திக்கு மிஞ்சுவது 300தான். பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் போன எழுத்து திரும்பாது.

தமிழில் முதலில் மறைவது புள்ளி. 'கடல்' என்பது 'கடல' ஆகிவிடும்!

அதனால் மூலக் கோப்பைத் திறந்து, அதிலேயே 'கிராப்' செய்து, பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். செய்தி 'ட' வடிவில் வளைந்திருந்தால், சுற்றிச் செவ்வகமாக வெட்டி, உள்ளே வரும் விளம்பரத்தை வெள்ளையால் மூடலாம். பக்கத்தின் உச்சியிலுள்ள நாளிதழ் பெயரையும் தேதியையும் தனியே வெட்டி மேலே ஒட்டுவது அவசியம்.

அச்சிடும்போது அகலத்தை 10 சென்டிமீட்டராகவே வைத்தால், நாளிதழில் இருந்த அளவிலேயே எழுத்து வரும்.